தொலைந்த பொட்டலம் சொல்லும் சேதி

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊர். அங்கே மலைச்சரிவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதற்குக் கீழே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகம். இரண்டுக்கும் இடையே 400 கெஜம், அதாவது ஏறக்குறைய 366 மீட்டர் தூரம்தான். அப்போது இளம்பருவத்தில் இருந்த இணையத்தின் வழியே மேலிருந்து கீழே வினாடிக்கு 32,000 பிட் வேகத்தில் தரவு போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் ஒருநாள் அது வினாடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது.

ஓர் ஆங்கில எழுத்தைக் கணினியில் எழுத 8 பிட் வேண்டும். ஆக, 40 பிட் என்றால் வினாடிக்கு ஐந்து எழுத்து. இரண்டாயிரம் எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தை அனுப்ப ஏழு நிமிடம் ஆகும். அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டு, கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் நடந்தே போயிருந்தால் இணையத்தை முந்தியிருக்கலாம். பாதை இறக்கம் வேறு.

எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லாக் கணினிகளும் தங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகளின்படியே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. அதுதான் சிக்கலே. பிழை விதியில் இருந்தது. அன்று திருத்தப்பட்ட அந்த விதியின் வழிவந்த விதிகள்தாம் இன்றும் உங்கள் கைப்பேசி ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

வரிசை நிரம்பினால் என்ன ஆகும்?

இணையத்தில் ஒரு கோப்பு முழுதாகப் பயணம் செய்வதில்லை. அது சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டையும் தரவுப் பொட்டலம் என்போம். பாக்கெட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 1,500 பைட் வரை இருக்கும். வழியில் உள்ள ரௌட்டர்கள் ஒவ்வொன்றும் பொட்டலத்தை வாங்கி, முகவரியைப் பார்த்து, அடுத்த ரௌட்டருக்குத் தள்ளிவிடுகின்றன.

உள்ளே வருகிற பொட்டலங்கள் வெளியே போகும் வழியைவிட வேகமாக வந்தால் ரௌட்டர் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். அந்த வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. அது நிரம்பிவிட்டால், அடுத்து வரும் பொட்டலத்தை ரௌட்டர் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். ஜொகூர் பாலத்தில் வாகன நெரிசல் ஏற்பட்டால் கார்கள் நகராமல் நிற்கும். ஒரு காரும் காணாமல் போகாது. இணைய நெரிசலில் பொட்டலங்கள் உண்மையிலேயே காணாமல் போகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எறியப்பட்ட பொட்டலத்தைப் பற்றி அனுப்பியவருக்கு ரௌட்டர் தகவல் சொல்வதில்லை. அப்படியானால் கோப்பு எப்படி ஒரு துண்டும் குறையாமல் வந்து சேர்கிறது? அந்தப் பொறுப்பை இரு முனைகளிலும் உள்ள கணினிகளே ஏற்றுக்கொள்கின்றன. அதற்கான விதித்தொகுப்பின் பெயர் டிசிபி. அனுப்பும் கணினி ஒவ்வொரு துண்டுக்கும் எண் இடுகிறது. பெறும் கணினி, “இதுவரை வந்து சேர்ந்தது, அடுத்து இந்த எண் வேண்டும்” என்று பதில் அனுப்புகிறது. இந்தப் பதிலுக்கு ஒப்புகை என்று பெயர். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், பொட்டலம் தொலைந்துவிட்டது என்று முடிவுசெய்து அதை மறுபடி அனுப்ப வேண்டும்.

கேட்பதற்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் இதே விதிதான் 1986இல் இணையத்தை மூச்சுத் திணற வைத்தது.

ஒப்புகை வழக்கமாக அரை வினாடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடி வரை பார்ப்பது, வராவிட்டால் மறுபடி அனுப்புவது என்று கணினி முடிவுசெய்கிறது. இப்போது நடுவழியில் ஒரு ரௌட்டரின் வரிசை நீள்கிறது. ஒப்புகை வர ஒன்றரை வினாடி ஆகிறது. பொட்டலம் தொலையவில்லை, வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. அனுப்பிய கணினிக்கு அது தெரியாது. ஒரு வினாடி ஆனதும் அதே பொட்டலத்தின் நகலை அனுப்புகிறது. நகலும் போய் அதே வரிசையில் நிற்கிறது. வரிசை இன்னும் நீள்கிறது. இதனால் மற்றவர்களின் ஒப்புகையும் தாமதமாகிறது. அவர்களுடைய கணினிகளும் நகல்களை அனுப்பத் தொடங்குகின்றன.

கடைசியில் வரிசை முழுவதும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட பொட்டலங்களின் நகல்களால் நிரம்பிவிடுகிறது. கம்பி முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஆனால் அது சுமப்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படாத சரக்கு. புதுத் தரவு போக இடமில்லை. இதற்கு நெரிசல் முறிவு என்று பெயர்.

இப்படி நடக்கும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதியிருந்தார். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் கட்டமைப்பைக் கவனித்துவந்த ஜான் நேகிள் 1984 ஜனவரியில் வெளியிட்ட குறிப்பில் இந்த முறிவை விளக்கியிருந்தார். ஒருமுறை இந்த நிலைக்குள் விழுந்துவிட்டால் கட்டமைப்பு தானாக மீளாது, அதே நிலையில் நிலைத்துவிடும் என்பது அவர் கண்ட ஆபத்து. சுமை குறைந்தால்தான் வரிசை வடியும். பழைய விதியோ, வரிசை நீள நீளச் சுமையைக் கூட்டியது.

ஒன்று வெளியே வந்தால் ஒன்று உள்ளே

ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும் கீழே பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கேரல்ஸும் இதை ஆராய்ந்தார்கள். ஆய்வின் முடிவை 1988இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை. இரண்டு கணினிகள். நடுவே வினாடிக்குச் சுமார் 20 கிலோபைட் செல்லக்கூடிய பாதை. பழைய விதிப்படி ஒரு கணினி தரவு அனுப்பத் தொடங்கியது. கிடைத்த வழியில் 35 விழுக்காடுதான் பயன்பட்டது. மீதியெல்லாம் மறுபடி அனுப்பியதில் வீண். ஏறக்குறைய எல்லாமே இரண்டு தடவையாவது போயிருந்தது. கோப்பின் ஒரு பகுதி ஐந்து தடவை போயிருந்தது.

காரணம், பழைய டிசிபி தொடங்கிய கணத்திலேயே பெறுபவர் எவ்வளவு ஏற்பாரோ அவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டியது. பெறுபவருக்கு இடம் இருக்கிறதா என்று அது கேட்டது. வழியில் இடம் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

ஜேக்கப்சன் முன்வைத்த அடிப்படை எளிமையானது. சீராக ஓடும் இணைப்பில், ஒரு பழைய பொட்டலம் வழியிலிருந்து வெளியேறிய பிறகே ஒரு புதுப் பொட்டலம் உள்ளே போக வேண்டும். வெளியேறியது எப்படித் தெரியும்? ஒப்புகை வந்தால் தெரியும். பாதையின் மிகக் குறுகலான இடத்தைக் கடந்த பொட்டலங்கள் அந்த இடத்தின் வேகத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரும். அதனால் ஒப்புகைகளும் அதே இடைவெளியில்தான் திரும்பி வரும். ஒவ்வோர் ஒப்புகைக்கும் ஒரு பொட்டலம் என்று அனுப்பினால், அனுப்புபவர் தான் கண்ணால் பார்க்காத அந்தக் குறுகலான இடத்தின் வேகத்துக்குத் தானாகவே ஒத்துப்போய்விடுவார். ஒப்புகை ஒரு கடிகாரம்போல வேலை செய்கிறது.

ஆனால் ஒரு கேள்வி எழும். கடிகாரம் ஓட ஒப்புகை வேண்டும். ஒப்புகை வரப் பொட்டலம் போயிருக்க வேண்டும். முதலில் எத்தனை பொட்டலங்களை அனுப்புவது?

பெயரில் மட்டும் மெதுவு

இதற்கு விடைதான் மெதுவான தொடக்கம். கணக்குப் போட்டே பார்ப்போம்.

நீங்கள் கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு கணினியிலிருந்து கோப்பு ஒன்றைப் பதிவிறக்குகிறீர்கள். ஒரு பொட்டலம் புறப்பட்டு, அதற்கான ஒப்புகை திரும்பி வர 0.2 வினாடி ஆகிறது. இதைச் சுற்று நேரம் என்போம். பாதையின் மிகக் குறுகலான இணைப்பு வினாடிக்கு 100 பொட்டலங்களை விடும். இது வினாடிக்கு 1.2 மெகாபிட், இன்றைய அளவுக்கு மிகவும் குறைவு, ஆனால் கணக்குப் போட வசதி. அந்த இடத்தில் உள்ள ரௌட்டரின் வரிசையில் 10 பொட்டலங்கள் நிற்கலாம்.

வினாடிக்கு 100 வீதம் 0.2 வினாடிக்கு 20. ஆக, 20 பொட்டலங்கள் பயணத்தில் இருந்தால் வழி சரியாக நிரம்பியிருக்கும். அதற்கு மேல் வருபவை வரிசையில் நிற்கும். 30க்கு மேல் போனால் இடமில்லை. இந்த 20ஐயும் 30ஐயும் நாம் அறிவோம். அனுப்பும் கணினிக்கு இரண்டுமே தெரியாது.

அந்தக் கணினி, ஒப்புகை வராமல் ஒரே நேரத்தில் எத்தனை பொட்டலங்கள் வழியில் இருக்கலாம் என்று தனக்கு ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. அதற்கு நெரிசல் சாளரம் என்று பெயர். ஜேக்கப்சனின் விதிப்படி முதலில் அது 1. ஒரு பொட்டலம் போகிறது, 0.2 வினாடியில் ஒப்புகை வருகிறது. விதி இதுதான்: ஒவ்வோர் ஒப்புகைக்கும் சாளரத்தை ஒன்று கூட்டு. சாளரம் 2 ஆகிறது. இரண்டு போகின்றன, இரண்டு ஒப்புகைகள் வருகின்றன, சாளரம் 4. பிறகு 8. பிறகு 16. இதற்குள் 0.8 வினாடிதான் ஆகியிருக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும் ஒன்றைப் போய் மெதுவான தொடக்கம் என்கிறார்களே என்று நீங்கள் சிரிக்கலாம். பழைய டிசிபி முதல் கணத்திலேயே எல்லாவற்றையும் கொட்டியது அல்லவா? அதனோடு ஒப்பிட்டால்தான் இது மெதுவு. அந்தப் பெயரைச் சூட்டியவரும் முன்பு எச்சரிக்கை விடுத்த அதே ஜான் நேகிள்தான்.

அடுத்த சுற்றில் சாளரம் 16இலிருந்து 32ஐ நோக்கி ஏறுகிறது. வழி தாங்காது. வரிசை நிரம்பிச் சில பொட்டலங்கள் எறியப்படுகின்றன. தொடங்கி ஏறத்தாழ ஒரு வினாடியில், ஒன்றும் தெரியாத கணினி வழியின் எல்லையை முட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டது.

ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும்?

பொட்டலம் தொலைந்தால் அனுப்பியவர் ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும்? தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பிவிட்டுப் பழைய வேகத்திலேயே போகலாமே?

பொட்டலம் இரண்டு விதமாகத் தொலையலாம். ஒன்று, கம்பியில் மின் இரைச்சல் பட்டுத் தரவு கெட்டுப்போவது. மற்றொன்று, வரிசை நிரம்பி எறியப்படுவது. கம்பி வழிப் பாதைகளில் முதல் வகை மிக அரிது. நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. ஆகவே ஒரு பொட்டலம் காணவில்லை என்றால், எங்கோ ஒரு வரிசை வழிந்துவிட்டது என்று எண்ணுவதே சரியாக இருக்கும். ரௌட்டர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பொட்டலத்தை எறிந்ததே ஒரு சேதி: “இங்கே இடமில்லை, குறையுங்கள்.” பழைய விதி அந்தச் சேதியை “இன்னும் அனுப்பு” என்று தலைகீழாகப் படித்தது. ஜேக்கப்சனின் திருத்தம், அதைச் சரியாகப் படிப்பதுதான்.

எவ்வளவு குறைப்பது? மெதுவான தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 16 போனபோது பிரச்சினை இல்லை. 32ஐ நோக்கிப் போனபோது வழிந்தது. எனவே கடைசியாகப் பாதுகாப்பாக இருந்த அளவு அதன் பாதிதான். கணினி 16 என்ற எண்ணைக் குறித்துக்கொள்கிறது. 1988இல் வெளிவந்த முதல் பதிப்பில், சாளரம் மறுபடி 1க்குப் போய், இரட்டிப்பாகி ஏறி, 16ஐத் தொட்டதும் போக்கை மாற்றிக்கொள்ளும்.

இனி இரட்டிப்பு இல்லை. ஒரு சுற்றுக்கு ஒன்றே ஒன்று கூடும். 17, 18, 19, 20. இந்த இடத்தில் வழி நிரம்பிவிட்டது. ஆனாலும் ஏற்றம் நிற்பதில்லை. நிரம்பிவிட்டது என்று கணினிக்குத் தெரியாதே. 21ஆவது பொட்டலத்திலிருந்து வரிசை வளரத் தொடங்குகிறது. 30 வரை தாங்குகிறது. 31இல் ஒன்று எறியப்படுகிறது. சாளரம் பாதியாகி 15க்கு இறங்குகிறது. மறுபடி 16, 17, 18... நம் எடுத்துக்காட்டில் ஒரு முழுச் சுழற்சிக்கு நான்கு வினாடியை ஒட்டி ஆகும். இதை வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்கள்போல இருக்கும்: சாய்வாக ஏற்றம், செங்குத்தாக இறக்கம்.

15க்கு இறங்கும்போதெல்லாம் 1க்கே போக வேண்டிய தேவை இல்லை என்பது 1990இல் வந்த திருத்தம். அது இப்படி: 7ஆம் பொட்டலம் தொலைந்து 8, 9, 10 வந்து சேர்ந்தால், பெறும் கணினி ஒவ்வொரு முறையும் “எனக்கு 7 வேண்டும்” என்றே பதில் அனுப்பும். ஒரே பதில் மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால், 7 தொலைந்துவிட்டது என்று அனுப்பிய கணினி புரிந்துகொள்ளும். கூடவே இன்னொன்றும் புரியும். பின்னால் போனவை சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, வழி அடைபடவில்லை. அதனால் 7ஐ மட்டும் உடனே அனுப்பிவிட்டு, சாளரத்தைப் பாதியாக்கிக்கொண்டு தொடர்ந்து போகலாம். ஒப்புகையே வராமல் முழு அமைதி நிலவினால்தான் கதை வேறு. அப்போது கடிகாரமே நின்றுவிட்டது; 1இலிருந்து தொடங்கத்தான் வேண்டும்.

கூட்டுவது ஒன்று, வெட்டுவது பாதி

ஏறும்போது கூட்டல், இறங்கும்போது இரண்டால் வகுத்தல். ஏன் இந்த வினோதமான சேர்க்கை? இரண்டையும் கூட்டல் கழித்தலாகவே வைத்தால் என்ன? எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்கான கணித விளக்கத்தை டா மிங் சியூ, ராஜ் ஜெயின் என்ற இருவர் 1989இல் வெளியிட்டார்கள்.

அதே வழியை இப்போது இருவர் பகிர்கிறார்கள். வழி மொத்தம் 30 பொட்டலங்களைத் தாங்கும். முதலில் வந்தவர் 24 எடுத்துக்கொண்டிருக்கிறார். பிறகு வந்தவருக்கு 6தான் கிடைத்திருக்கிறது. வித்தியாசம் 18. இருவரும் ஒன்று கூட்டியதும் வழி வழிகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பொட்டலம் தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பாதியாக்குகிறார்கள்: ஏறத்தாழ 12, 3. வித்தியாசம் 9ஆகிவிட்டது. பிறகு இருவரும் சுற்றுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கூட்டும்போது வித்தியாசம் மாறாது. 20, 11 என்ற இடத்தில் மறுபடி வழிகிறது. பாதியாக்கினால் 10, ஐந்தரை. வித்தியாசம் நாலரை. அடுத்த முறை இரண்டேகால். ஒவ்வொரு சரிவிலும் வித்தியாசம் பாதியாகிக்கொண்டே வந்து, இருவரும் ஏறக்குறைய 15, 15 என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

இப்போது விதியை மாற்றிப் பாருங்கள். இறங்கும்போது இருவரும் ஐந்து ஐந்தாகக் கழித்தால் 24, 6 என்பது 19, 1 ஆகும். வித்தியாசம் அதே 18. கூட்டினாலும் 18, கழித்தாலும் 18. பிறகு வந்தவருக்கு என்றைக்கும் விடிவில்லை. ஏறும்போது இரட்டிப்பு, இறங்கும்போது பாதி என்று வைத்தால்? 12, 3 என்பது மறுபடி 24, 6 ஆகிவிடும். நான்குக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே நிற்கும். கூட்டி ஏறி, வகுத்து இறங்கினால் மட்டுமே சமநிலை தானாக உருவாகிறது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நடுவர் என்று யாரும் இல்லை.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையாது. இருவருக்கும் ஒரே கணத்தில் பொட்டலம் தொலைவதில்லை. சுற்று நேரம் குறைவாக உள்ளவர் வேகமாகக் கூட்டிக்கொள்வார், ஏனென்றால் அவருடைய சுற்று சீக்கிரம் முடிகிறது. இந்த நியாயம் இணைப்புக்கு இணைப்புதானே தவிர, ஆளுக்கு ஆள் அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு செயலி ஒரே கோப்புக்காகப் பத்து இணைப்புகளைத் திறந்தால் அதற்குப் பத்துப் பங்கு கிடைக்கும். பல பதிவிறக்கச் செயலிகளின் “வேக ரகசியம்” இதுதான். விதியை மதிக்காமல் ஒருவர் வேகத்தைக் குறைக்கவே மறுத்தால், மற்றவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தையெல்லாம் அவர் பிடித்துக்கொள்வார். சாதாரண ரௌட்டர் அதைத் தடுக்காது.

விதி தடுமாறும் இடங்கள்

புதிய விதியை நடைமுறைப்படுத்த ரௌட்டர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முனைகளில் உள்ள கணினிகளின் மென்பொருளை மாற்றினால் போதும். பெர்க்லியில் உருவான யூனிக்ஸ் பதிப்பு ஒன்றில் 1988இல் அது இடம்பெற்றது, அங்கிருந்து பரவியது. ஆனால் பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்ற ஊகம் எல்லா இடத்திலும் செல்லாது.

வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்காந்த அலையில் சுவரும் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். நெரிசலே இல்லாமல் பொட்டலங்கள் கெடும். டிசிபி அதையும் நெரிசல் என்று எண்ணிக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதனால்தான் வைஃபை கருவிகள், கெட்டுப்போன பொட்டலத்தை டிசிபிக்குத் தெரியாமல் தங்களுக்குள்ளேயே உடனுக்குடன் மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொள்கின்றன.

தூரமும் வேகமும் சேர்ந்தால் வேறு சிக்கல். நம் எடுத்துக்காட்டில் இணைப்பு வினாடிக்கு 1 கிகாபிட் என்று மாற்றுங்கள். இப்போது வழி நிரம்ப ஏறக்குறைய 16,700 பொட்டலங்கள் பயணத்தில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்து சாளரம் பாதியானால், சுற்றுக்கு ஒன்று வீதம் மீண்டும் ஏற 8,300 சுற்றுகளுக்கு மேல் ஆகும். ஒரு சுற்றுக்கு 0.2 வினாடி என்றால் சுமார் 28 நிமிடம். ஒரே ஒரு பொட்டலத்துக்கு இந்தத் தண்டனை! இதைத் தவிர்க்கவே ‘கியூபிக்’ என்ற முறை வந்தது. அது பாதிக்குப் பதில் பத்தில் ஏழு பங்குக்கு இறங்கும். முன்பு எந்த அளவில் வழிந்தது என்று நினைவில் வைத்திருக்கும். அந்த அளவுக்கு அருகில் வரும்வரை வேகமாகவும், நெருங்கியதும் நிதானமாகவும் ஏறும். லினக்ஸ் 2006 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது.

மூன்றாவது சிக்கலை நீங்களே வீட்டில் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் சாளரம் 20ஐத் தாண்டிய பிறகு வேகம் கூடவில்லை, வரிசைதான் நீண்டது என்பதைக் கவனித்தீர்களா? வரிசையில் 10 பொட்டலங்கள் நின்றால், கடைசியாக வருவது 0.1 வினாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். நினைவகம் மலிவாகிவிட்டதால் ரௌட்டர் தயாரிப்பாளர்கள் வரிசையை நூற்றுக்கணக்கில் நீட்டினார்கள். பொட்டலம் எதுவும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தொலைந்தால்தான் டிசிபிக்குச் சேதி போகும். வரிசை நீளமாக இருந்தால் சேதி மிகத் தாமதமாகப் போகிறது. அதுவரை எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள்.

கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ping 1.1.1.1
```

விண்டோஸில் இது நான்கு முறையோடு நின்றுவிடும்; தொடர்ந்து ஓட `ping -t 1.1.1.1` என்று தட்டுங்கள். `time` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மில்லிவினாடிக் கணக்கில் சுற்று நேரம் தெரியும். சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதே வைஃபையில் உள்ள கைப்பேசியிலிருந்து பெரிய காணொளி ஒன்றை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்குங்கள். ஏற்றும் வேகம் குறைந்த இணைப்பாக இருந்தால், எண்கள் 10, 12 என்று இருந்தவை நூறைத் தாண்டுவதைக் காணலாம். இணையத்தில் விளையாடும்போது வீட்டில் வேறொருவர் காணொளி ஏற்றினால் ஆட்டம் திக்கித் திணறுவது இதனால்தான். சில வீடுகளில் எண் அசையாது. அங்கே இணைப்பு அகலமாக இருக்கலாம், அல்லது ரௌட்டர் வரிசையைத் திறமையாகக் கையாளக்கூடும்.

பொட்டலம் தொலையும்வரை காத்திராமல், இந்தச் சுற்று நேரத்தையே கவனித்து வேகத்தை முடிவுசெய்யலாமே என்று தோன்றுகிறதா? கூகிள் 2016இல் அறிமுகப்படுத்திய ‘பிபிஆர்’ முறை அதைத்தான் முயல்கிறது. ஒப்புகைகள் வரும் வேகத்தையும் மிகக் குறைந்த சுற்று நேரத்தையும் அளந்து, நம் எடுத்துக்காட்டின் அந்த 20ஐ நேரடியாகக் கண்டுபிடிக்கப் பார்க்கிறது. அதன் முதல் பதிப்பு, பொட்டலம் தொலைவதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அதனால் வரிசை சிறிதாக உள்ள வழியில், பழைய விதிப்படி பாதியாக்கிக்கொண்டு ஒதுங்கும் இணைப்புகளின் பங்கையும் அது எடுத்துக்கொள்வதாகத் தெரியவந்தது. இரண்டு விதிகளும் ஒரே வழியில் நியாயமாகப் போவது எப்படி என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.